36 நிமிடத்தை 12 ஆக்கியபோது முதலில் எதை வெட்டினேன்

பழைய புத்தகங்களுக்குப் புது உயிர் கொடுக்கும் ஒரு பைண்டரைப் பற்றிய குறும்படம். 12 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று திட்டம். கையில் இருந்தது 36 நிமிட ஃபுட்டேஜ். முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. மூன்று மடங்குதானே, ஒரு வாரக் கடைசியில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். மூன்று வாரம் ஆனது.

தாமதத்துக்குக் காரணம் அந்த மூன்று மடங்கேதான் என்பது பிறகுதான் புரிந்தது. ஃபுட்டேஜ் இருபது மடங்கு இருந்தால் வேலை வேறு மாதிரி. அதில் பெரும்பகுதி பார்த்தவுடனே குப்பை என்று தெரியும். நல்லதைப் பொறுக்கி மேலே எடுத்து வைத்தால் படம் பாதி தயார். மூன்று மடங்கில் அப்படிக் குப்பை கிடையாது. ஒவ்வொரு ஷாட்டும் யோசித்து எடுத்தது, ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஆக, மூன்றில் இரண்டு பங்கு நல்ல ஷாட்களைத் தூக்கிப் போட வேண்டும். அதில் எது முதலில் என்பதில்தான் நான் தடுமாறினேன்.

கையில் இருந்த சரக்கைச் சொல்லிவிடுகிறேன். பைண்டர் உட்கார்ந்து பேசியது பதினெட்டரை நிமிடம். முதுகு பிய்ந்துபோன ஒரு பழைய அகராதியை அவர் பிரித்து, சுத்தம் செய்து, தைத்து, அட்டை போட்டது 14 நிமிடம். மிச்சம் மூன்றரை நிமிடம் சில்லறை: அவர் முகம், மேசையின் மூலை, ஜன்னல், யாரும் பேசாத அறை.

முதல் முயற்சியில் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். எல்லா ஷாட்களையும் டைம்லைனில் வரிசையாக அடுக்கி, முதலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றின் தலையையும் வாலையும் நறுக்கினேன். கேமராவை ஓடவிட்டு அவர் கையைத் தூக்கும் வரை இருந்த மூன்று விநாடி, வேலை முடிந்த பிறகு நான் நிறுத்தும் வரை இருந்த இரண்டு விநாடி. மொத்தம் 61 ஷாட். இரண்டு மாலைகள் போயின. 5 நிமிடம் குறைந்து 31-க்கு வந்தது. சரி, இன்னும் இறுக்கலாம் என்று பேச்சில் வரும் ‘வந்து’, ‘அதாவது’, இடைவெளிகள் எல்லாவற்றையும் கொத்தினேன். 29 ஆனது. ஓடவிட்டுப் பார்த்தால் மனிதர் மூச்சே விடாமல் பேசுகிறார். கை ஒரு வேலையைத் தொடங்குவதற்குள் அடுத்த வேலை வந்துவிடுகிறது. இன்னும் 17 நிமிடம் வெட்ட வேண்டிய நிலையிலேயே படத்துக்கு மூச்சு முட்டிவிட்டது.

முனை நறுக்குவதில் கிடைப்பது விநாடிகள். எனக்குத் தேவைப்பட்டதோ 24 நிமிடம். அதைவிட எரிச்சலான விஷயம் ஒன்று உண்டு: நான் பார்த்துப் பார்த்து நறுக்கிய 61 ஷாட்டில் பாதிக்கு மேல் கடைசிப் படத்தில் இல்லவே இல்லை. தூக்கிப் போடப் போகும் துணிக்கு இஸ்திரி போட்டிருக்கிறேன்.

நல்லவேளையாக, தொடங்கும் முன்பே டைம்லைனை நகல் எடுத்து `v01_36m` என்று பெயர் வைத்திருந்தேன். அதற்கே திரும்பினேன். இந்த முறை கம்ப்யூட்டரைத் தொடவில்லை. 36 நிமிடத்தையும் நிறுத்தாமல், வேகம் கூட்டாமல் ஒருமுறை பார்த்தேன். பிறகு திரையை அணைத்துவிட்டு ஒரு தாளில் எழுதினேன். ஷாட் ஷாட்டாக இல்லை, துண்டு துண்டாக: ‘தொழில் கற்ற கதை’, ‘கருவிகளைக் காட்டுகிறார்’, ‘பழைய பசையைச் சுரண்டுதல்’, ‘தையல்’, ‘முதுகை வளைத்தல்’, இப்படிப் பதினான்கு துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதன் நீளம். மேலே ஒரே ஒரு வரி: ‘கையில் எடுத்தாலே உதிரும் அகராதி மறுபடி புரட்டும்படி ஆகிறது’. படம் இதுதான், வேறில்லை.

அடுத்துச் செய்த வேலைதான் என்னைக் காப்பாற்றியது. ஒரு துண்டை எடுத்துவிட்டால் பின்னால் வரும் எந்தத் துண்டு புரியாமல் போகும் என்று பார்த்து, அதிலிருந்து இதற்கு அம்புக்குறி போட்டேன். பசையைச் சுரண்டாமல் தாள்களை ஃபாரம் ஃபாரமாக, அதாவது ஒன்றாக மடித்த தனித்தனிக் கட்டுகளாகப் பிரிக்க முடியாது, அதனால் சுரண்டலிலிருந்து தையலுக்கு ஓர் அம்பு. தையலிலிருந்து முதுகுக்கு, முதுகிலிருந்து அட்டைக்கு. எல்லாம் போட்டு முடித்துத் தாளைப் பார்த்தால் மூன்று துண்டுகளிலிருந்து எந்த அம்பும் கிளம்பவில்லை. அவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அகராதி சரியாகிவிடும். வெட்டு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும், அதிலும் மிக நீளமானதிலிருந்து.

மிக நீளமானது எது? தொழில் கற்ற கதை, 4 நிமிடம் 10 விநாடி. நான் எடுத்ததிலேயே மிக நல்ல பேச்சு அது. பன்னிரண்டு வயதில் கற்றுக்கொள்ளப் போனது, முதல் வருடம் முழுக்கப் பசை கிண்டியது, கற்றுக்கொடுத்தவர் ஒரு வார்த்தைகூடப் பாராட்டாதது. சொல்லும்போது அவர் கண் கலங்கும். எனக்கும் கலங்கியது. ஆனால் படம் அவரைப் பற்றியதா, அகராதியைப் பற்றியதா? மேலே எழுதி வைத்த வரியைப் பார்த்தேன். ஒரு டீயைக் குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். வரி மாறவில்லை.

தூக்குவதற்கு முன் அந்தத் துண்டை மட்டும் காதால் இன்னொரு தடவை கேட்டேன். கேட்டது நல்லதாகப் போயிற்று. நடுவில் ஓரிடத்தில், “அளவுகோல் எல்லாம் கிடையாது, இந்தக் கட்டைவிரல்தான்” என்கிறார். முதுகை வளைக்கும் காட்சியில் அவர் நாலைந்து முறை கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். இந்த வரி இல்லாவிட்டால் அந்த அழுத்தல் ஏதோ பழக்கதோஷம் போலத் தெரியும். நான் போடாமல் விட்ட அம்பு அது. 11 விநாடியைப் பிரித்தெடுத்து முதுகுக் காட்சிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மீதியை மொத்தமாகத் தூக்கினேன். ஒரே வெட்டில் கிட்டத்தட்ட 4 நிமிடம்! இரண்டு மாலை முனை நறுக்கியதில் கிடைத்ததுக்கு ஒரு நிமிடம்தான் குறைவு.

கருவிகளைக் காட்டும் துண்டும் போயிற்று, இரண்டரை நிமிடம். ஊசி, சுத்தியல், எலும்பு மடிப்பான், அழுத்துபொறி என்று ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பெயர் சொல்வார். எல்லாமே பிறகு வேலை நடக்கும்போது வரத்தான் போகின்றன. எலும்பு மடிப்பான் என்ன என்பது அதை வைத்து அவர் தாளின் மடிப்பை அழுத்தித் தேய்க்கும்போது தானாகத் தெரிகிறது.

இதற்கிடையில் கெட்டுப்போன ஷாட்களையும் எடுத்துவிட்டேன், குவியம் தவறியது, கேமரா குலுங்கியது, பேச ஆரம்பித்து நிறுத்தியது. பத்து நிமிடமாவது தேறும் என்று நினைத்திருந்தேன், 3 நிமிடம் 10 விநாடிதான் தேறியது. அதிலும் ஒரு ஷாட்டைத் தொடவில்லை. அகராதியின் முதுகைப் பிய்க்கும் அந்தக் கணம் குவியம் தவறித்தான் இருக்கிறது, ஆனால் பிய்ப்பது ஒரே ஒரு முறைதான் நடக்கும். வேறு ஷாட் இல்லாத இடத்தில் மங்கலான ஷாட்டும் நல்ல ஷாட்தான்.

பிறகு பேச்சில் ஒரே விஷயம் திரும்ப வரும் இடங்கள். பசை அதிகமானால் முதுகு விறைத்துப் புத்தகம் திறக்காது என்பதை வெவ்வேறு இடங்களில் மூன்று முறை சொல்கிறார். மூன்றில் எதை வைப்பது? நன்றாகச் சொன்னதையா? நான் வைத்தது கடைசியாகச் சொன்னதை, ஏனென்றால் அப்போது அவர் கையில் பசைத் தூரிகை இருந்தது. இப்படித் திரும்பச் சொன்னவற்றை எடுத்ததில் இரண்டரை நிமிடத்துக்கு மேல் போனது. இப்போது கணக்கு 23 நிமிடம் 45 விநாடி. ஒரு ஷாட்டின் முனையைக்கூட இன்னும் தொடவில்லை.

இங்கே பேச்சை வெட்டுவது பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழில் அது தனி வம்பு. நம் வாக்கியத்தில் வினை கடைசியில்தான் வருகிறது. “பழைய பசையை நனைச்சு, ஊறவச்சு, மெதுவா சுரண்டி, ஒரு ஈரத்துணியால துடைச்சு எடுத்துருவேன்” என்று ஒருவர் சொன்னால், ‘சுரண்டி’யோடு நிறுத்த முடியாது. பொருள் குறைவது ஒரு பக்கம், குரலே காட்டிக்கொடுத்துவிடும். எச்சத்தில் குரல் மேலே தூக்கியபடி நிற்கும், முற்றில்தான் இறங்கும். தூக்கிய இடத்தில் வெட்டினால், பேசிக்கொண்டிருந்தவர் வாயை யாரோ பொத்தியதுபோல இருக்கும். ஆனால் நடுவில் வெட்டலாம். ‘நனைச்சு’வுக்குப் பிறகு நேராகத் ‘துடைச்சு எடுத்துருவேன்’ என்று ஒட்டினால் காது ஏற்றுக்கொள்ளும், இரண்டு எச்சங்களும் ஒரே உயரத்தில் நிற்பதால். வாலைக் காப்பாற்றி வயிற்றை எடுப்பது என்று இதற்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டேன்.

இன்னொரு தொல்லை ‘அது’, ‘அப்படி’, ‘ஆனா’. முந்தைய வாக்கியத்தை எடுத்துவிட்டால் இவை அந்தரத்தில் தொங்கும். “ஆனா அத அவசரமா செய்யக்கூடாது” என்று ஒரு துண்டு தொடங்கியது. எதை? வாக்கியத்தின் தலையிலிருந்த ‘ஆனா அத’வை மட்டும் எடுத்துவிட்டு “அவசரமா செய்யக்கூடாது” என்று தொடங்கி, படத்தில் அவர் ஊசியில் நூல் கோக்கும் ஷாட்டை வைத்தேன். ‘எதை’ என்ற கேள்விக்குப் படமே பதில் சொல்லிவிட்டது.

அடுத்தது தையல். அகராதி 640 பக்கம், பதினாறு பக்கத்துக்கு ஒன்றாக 40 ஃபாரம். அவர் தைப்பதை நான் கிட்டத்தட்ட 4 நிமிடம் எடுத்திருந்தேன். அவ்வளவும் பார்க்க வேண்டியதில்லை, ஆனால் எது வேண்டும்? முதல் ஃபாரத்தை முழுதாக வைத்தேன், ஊசி மடிப்பின் உள்ளே போய் வெளியே வந்து மறுபடி உள்ளே போவது வரை. இரண்டாவது ஃபாரத்தில் கடைசி முடிச்சை மட்டும் வைத்தேன், ஏனென்றால் மேல் ஃபாரம் கீழ் ஃபாரத்தோடு பிணைவது அந்த ஓர முடிச்சில்தான், முதல் ஃபாரத்துக்கு அது கிடையாது. பிறகு நேராக நாற்பதாவது. அடுக்கு உயர்ந்திருக்கிறது, நூலை அறுக்கிறார். 1 நிமிடம் 5 விநாடியில் முடிந்தது. ஒரு வேலையை முதலில் முழுதாகக் காட்டிவிட்டால் மிச்சத்தைப் பார்ப்பவரே மனதில் தைத்துக்கொள்கிறார். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் காட்டினால் எதையும் பார்த்த மாதிரி இருக்காது.

இரண்டாவதிலிருந்து நாற்பதாவதுக்குத் தாவும் இடத்தில்தான் வசமாக மாட்டினேன். ஒரே கோணத்தில் எடுத்த இரண்டு ஷாட்களை ஒட்டினால் அடுக்கு திடீரென்று எம்பிக் குதிக்கிறது. நடுவில் வேறு ஏதாவது வேண்டும், அவர் முகம், உதட்டில் கடித்திருக்கும் நூல், ஏதாவது ஒன்று. அவை என்னிடம் இருந்தனவே! தேடினேன். இல்லை. கெட்டுப்போன ஷாட்களை எடுத்த உற்சாகத்தில், ‘இதில் ஒன்றும் நடக்கவில்லை’ என்று சில்லறை ஷாட்களில் பலவற்றைத் தூக்கியிருக்கிறேன். `v01_36m` இருந்ததால் பிழைத்தேன், ஆனால் எந்த முகம் எந்த நேரத்தில் எடுத்தது என்று தேடி ஒட்டுவதில் ஒரு மாலை போயிற்று. அந்தக் கூட்டத்தில் அரை நிமிடம் யாரும் பேசாத அறையின் வெறும் சத்தமும் இருந்தது. பேச்சை நடுவில் வெட்டி ஒட்டிய இடத்தில் எல்லாம் பின்னணி ஒரு கணம் செத்துப் பிழைக்கும். அதை மறைக்க அந்த வெறும் சத்தத்தைத்தான் அடியில் பரப்பினேன். பார்வைக்கு மிகப் பயனற்றதாகத் தெரியும் ஷாட்கள்தான் வெட்டுக்காயத்துக்குக் கட்டு. அவற்றைக் கடைசியில்தான் தொட வேண்டும்.

இப்போது 21 நிமிடம். 9 நிமிடம் மிச்சம். இதில் பெரிய பங்கு வெட்டாமலே குறைந்தது. பேச்சும் படமும் தனித்தனியாக வரிசையில் நிற்கும்போது இரண்டும் நேரத்தை எடுத்துக்கொள்கின்றன. ஒன்றை இன்னொன்றின் மேல் வைத்தால் பாதி நேரம் மீதி. அவர் பேசுவதை வேலைக் காட்சிகளின் மேல் போட்டேன், ஐந்தரை நிமிடம் சுருங்கியது. ஆனால் எல்லா இடத்திலும் போட முடியாது. கை சொல்வதையே வாயும் சொன்னால் அங்கே பேச்சு வேண்டாம். சுரண்டலில் அதை எடுத்துவிட்டேன், பசை உரிந்து வருவதை எல்லாரும் பார்க்கிறார்கள். தையலில் வைத்தேன், ஏனென்றால் முடிச்சைப் பார்த்தால் முடிச்சு தெரியும், ஏன் அங்கே முடிச்சு என்பது தெரியாது. முதுகை வளைக்கும்போது யாரையும் பேசவிடவில்லை. சுத்தியலின் சத்தம் மெல்ல மாறிக்கொண்டே வரும், முதலில் தட்டையாக, பிறகு கொஞ்சம் மொத்தென்று. அந்த 40 விநாடியில் ஒரு வார்த்தை போட்டாலும் அது கெட்டுவிடும்.

15 நிமிடம் 30. சில்லறை ஷாட்களில் கட்டுப்போடத் தேவைப்பட்டவை போக மீதியை எடுத்ததும் 13:50. அதற்குப் பிறகுதான், கடைசியாக, முனைகளை நறுக்க உட்கார்ந்தேன். மிச்சம் இருந்த ஷாட்கள் குறைவு. ஒரே மாலையில் 1 நிமிடம் 40 விநாடி கிடைத்தது. 12:10. இந்தக் கட்டத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை. நான் பயன்படுத்தும் டாவின்சி ரிசால்வில் `Backspace` அழுத்தினால் ஷாட் போய் இடம் காலியாக நிற்கும், `Delete` அழுத்தினால் பின்னால் இருப்பதெல்லாம் முன்னால் நகர்ந்து ஒட்டிக்கொள்ளும். பேச்சைப் படத்தின் மேல் போட்ட பிறகு இரண்டாவதைக் கவனமில்லாமல் அழுத்தினால் எது எதோடு ஒட்டியிருந்தது என்பதே குழம்பிவிடும். ஒருமுறை அவர் தையல் பற்றிப் பேசப் பேச, திரையில் ஜன்னல் ஓடிக்கொண்டிருந்தது.

இதை ஒரு நண்பருக்குப் போட்டுக் காட்டினேன். ‘எப்படி இருக்கு’ என்று கேட்கவில்லை. கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார். அகராதிக்கு என்னென்ன நடந்தது, வரிசையாகச் சொல்லுங்கள் என்றேன். அழகாகச் சொல்லிக்கொண்டே வந்தவர் அட்டை ஒட்டும் இடத்தில் நின்றார். “அந்தத் துணி எங்கேருந்து வந்தது?” முதுகின் மேல் ஒட்டும் வலைத்துணியை நான் வெட்டியிருக்கிறேன், ஆனால் அட்டையைப் பிடித்துக்கொள்வதே அந்தத் துணியின் ஓரங்கள்தான். எனக்குத் தெரிந்ததால் எனக்குத் தெரியவில்லை. 6 விநாடியைத் திருப்பி வைத்தேன். ஈடாக ஆரம்பத்திலிருந்த வெளிச்சம் மெல்லப் பரவும் ஷாட்டை எடுத்தேன், 18 விநாடி. நான் ரொம்ப ஆசைப்பட்டு எடுத்தது. அதிலிருந்தும் அம்பு எதுவும் கிளம்பவில்லை. 11:58.

கடைசியாகப் பைண்டருக்கே காட்டினேன். அந்தக் கதை எங்கே என்று கேட்பார் என்று பயந்து, வெட்டிய 4 நிமிடத்தையும் தனிக் கோப்பாக எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அவர் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. படம் முடிந்ததும் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “தம்பி, அழுத்துபொறியில ஒரு ராத்திரி முழுக்க இருக்கணும். நீங்க வச்சதும் எடுத்துட்டீங்களே? பார்க்கிறவன் அப்படியே செஞ்சா அட்டை வளைஞ்சு போயிரும்” என்றார்.

சரிதான். வைக்கும் ஷாட்டும் எடுக்கும் ஷாட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. விளக்கை அணைத்த பிறகு அறையில் அழுத்துபொறி மட்டும் நிழலாகத் தெரியும் ஒரு ஷாட்டை, கிளம்பும்போது சும்மா எடுத்து வைத்திருந்தேன். சில்லறைக் குவியலின் அடியில் கிடந்தது. 4 விநாடி. இரண்டுக்கும் நடுவில் வைத்தேன். படம் இப்போது 12:02. அந்த இரண்டு விநாடியை எங்கிருந்தும் எடுக்கவில்லை.